பிளேட்டோ பிறந்தது கி.மு. 428-ஆ, 427-ஆ, 424-ஆ? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழங்காலத் தத்துவஞானிகள் எல்லோருக்கும் இந்தச் சிக்கல் உண்டு. ஆனால் எல்லோரையும் தொட்டுச் சென்றால் எதுவும் விளங்காது. பிளேட்டோவுக்குச் சான்றுகள் போதிய அளவு கிடைத்திருக்கின்றன, அவை ஒன்றோடொன்று மோதவும் செய்கின்றன. எனவே அவரையே எடுத்துக்கொண்டிருக்கிறேன். கடைசிப் பகுதியில் சாக்ரடீஸும் தேலீஸும் வருவார்கள்.

ஒரு புத்தகத்தில் 428 என்றும் இன்னொன்றில் 427 என்றும் இருக்கிறது. எது அச்சுப்பிழை?

இரண்டுமே பிழை இல்லை. ஏதென்ஸின் ஆண்டு கோடைக் காலத்தின் நடுவில் தொடங்கி அடுத்த கோடையில் முடிந்தது. நம் காலண்டரில் அதை வைத்தால் ஓர் ஏதென்ஸ் ஆண்டு இரண்டு ஆண்டுகளின் மேல் பாதி பாதியாக விழும். அதனால்தான் ஆய்வாளர்கள் 428/427 என்று சாய்கோடு போட்டு எழுதுகிறார்கள். அது "இரண்டில் ஏதோ ஒன்று" என்ற தயக்கம் அல்ல, "428 கோடை முதல் 427 கோடை வரை ஓடிய ஒரே ஆண்டு" என்று பொருள். பிறகு சுருக்கி எழுதுகிறவர் ஒருவர் முன்பாதியை எடுத்துக்கொள்கிறார், இன்னொருவர் பின்பாதியை எடுத்துக்கொள்கிறார்.

இந்த இடத்தில் ஒரு சிறு திருத்தம் செய்ய முடியும். பிளேட்டோ தார்கேலியோன் மாதம் 7ஆம் நாள் பிறந்ததாகப் பழைய மரபு சொல்கிறது. அந்த மாதம் ஏதென்ஸ் ஆண்டின் கடைசிக்கு முந்தைய மாதம், நம் கணக்கில் ஏறக்குறைய மே, ஜூன். எனவே 428/427 என்ற ஆண்டையும் அந்த நாளையும் ஒருசேர ஏற்கிறவர் 427 என்றுதான் எழுத வேண்டும். ஆனால் அந்த நாளையே நான் அவ்வளவாக நம்பவில்லை. காரணம் கீழே வரும்.

பிறந்த ஆண்டை அந்தக் காலத்தில் யாராவது எழுதி வைத்திருப்பார்கள் அல்லவா? அதைப் பார்த்தால் போதாதா?

இந்தச் சிக்கலின் வேர் இந்த எண்ணத்தில்தான் இருக்கிறது. பிளேட்டோ பிறந்தபோது, அந்தக் குழந்தை உலகப் புகழ் பெறும் என்று யாருக்கும் தெரியாது. நாம் எடுத்துப் பார்க்கும்படி பிறப்புப் பதிவு எதுவும் வந்து சேரவில்லை. அவர் இறந்தபோதோ ஊரே அறிந்த மனிதர். அவர் நிறுவிய அகாதெமி இருந்தது, மாணவர்கள் இருந்தார்கள், அவருக்குப் பின் தலைமை ஏற்ற ஸ்பியூசிப்பஸ் இருந்தார். ஆகவே இறந்த ஆண்டு உறுதியாக நிற்கிறது, பிறந்த ஆண்டு நிற்பதில்லை.

நாம் படிக்கும் பிறந்த ஆண்டு ஒரு கழித்தல் கணக்கின் விடை. தெரிந்த ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு, அப்போது அவருக்கு வயது இத்தனை என்று யாரோ சொன்னதை வைத்துப் பின்னோக்கிப் போகிறார்கள். ஆண்டு மாறுகிறது என்றால் நிகழ்ச்சி மாறியிருக்கும், அல்லது வயது மாறியிருக்கும், அல்லது எண்ணும் முறை மாறியிருக்கும். ஒரு புத்தகத்தில் ஆண்டைப் பார்த்தவுடன் நான் முதலில் தேடுவது இந்த மூன்றையும்தான்.

இறந்த ஆண்டு மட்டும் எப்படி உறுதியாகத் தெரியும்?

ஏதென்ஸில் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஆர்கோன் என்ற ஆட்சித் தலைவர் ஒருவர் இருந்தார். ஆண்டுக்கு எண் கிடையாது, அவர் பெயர்தான் ஆண்டின் பெயர். அந்தப் பெயர்களின் வரிசை நமக்கு நன்றாகவே கிடைத்திருக்கிறது. தியோஃபிலஸ் ஆர்கோனாக இருந்த ஆண்டில் பிளேட்டோ இறந்தார் என்பது பழைய செய்தி. அது கி.மு. 348/347.

இதை நம்புவதற்குக் காரணம், வெவ்வேறு வேலைக்காக எழுதியவர்கள் ஒரே இடத்தில் வந்து சேர்வதுதான். பிளேட்டோவின் வாழ்க்கையைச் சொல்ல வந்த ஹெர்மிப்பஸ், 108ஆம் ஒலிம்பியாட்டின் முதல் ஆண்டு என்கிறார். ஒலிம்பியாட் என்பது நான்கு ஆண்டுச் சுற்று, முதல் சுற்று கி.மு. 776-இல் தொடங்கியது. 107 சுற்றுகளைக் கடந்தால் 428 ஆண்டுகள், 776-இலிருந்து கழித்தால் 348. அதே ஆண்டு. டயோனீசியஸ் என்ற ஹாலிகார்னாசஸ் ஊர்க்காரருக்கோ இந்த இடத்தில் பிளேட்டோவைப் பற்றிக் கவலையே இல்லை. அரிஸ்டாட்டிலின் காலத்தை நிறுவுவதற்காக, தியோஃபிலஸ் ஆண்டில் பிளேட்டோ இறக்கும் வரை அரிஸ்டாட்டில் அவருடன் இருந்தார் என்று போகிற போக்கில் சொல்கிறார். இப்படி வேறு விஷயத்தைச் சொல்லும்போது தற்செயலாக வந்து விழும் சான்றுக்கு நான் கூடுதல் மதிப்புத் தருவேன்.

அப்படியென்றால் 348-உடன் வயதைக் கூட்டினால் முடிந்துவிட்டதே. ஏன் இத்தனை விடைகள்?

வயதில்தான் ஒற்றுமை இல்லை. ஹெர்மிப்பஸ் 81 என்கிறார். பிற்கால எழுத்தாளர் அதெனேயஸ் 82 என்கிறார். வரலாற்றாசிரியர் நியாந்தெஸ் 84 என்கிறார். இதற்கு மேல், 81 என்றால் 81 முடிந்ததா, 80 முடிந்து 81 நடந்துகொண்டிருந்ததா என்ற கேள்வியும் இருக்கிறது. கிரேக்கர்கள் பெரும்பாலும் தொடங்கும் ஆண்டையும் முடியும் ஆண்டையும் சேர்த்தே எண்ணினார்கள்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இறந்த ஆண்டு 348/347. 81 நடப்பு என்று கொண்டால் 80 ஆண்டு பின்னால் போக வேண்டும், கிடைப்பது 428/427. பாடப்புத்தகங்களில் நாம் காண்பது இதுதான். 81 முழுமையாக முடிந்தது என்று கொண்டால் 429/428. உரோமானியத் தத்துவஞானி செனெக்கா இந்த இரண்டாவதைத்தான் சொல்கிறார்: பிளேட்டோ தன் பிறந்த நாளிலேயே, ஒரு நாளும் குறையாமல் 81 ஆண்டுகளை நிறைவு செய்து இறந்தார் என்று. அதெனேயஸ் பிறந்த ஆண்டையே அப்பொலோடோரஸ் என்ற ஆர்கோனின் பெயரால் சொல்லிவிடுகிறார், அது 430/429. நியாந்தெஸின் 84-ஐ நடப்பு வயதாகக் கொண்டால் 431/430, முடிந்த வயதாகக் கொண்டால் 432/431.

மரண ஆண்டு ஒன்றே. வயதும் எண்ணும் முறையும் மாறியதாலேயே ஐந்து பிறந்த ஆண்டுகள் வந்துவிட்டன.

மூன்று பேர் 81 என்கிறார்கள், ஒருவர் மட்டும் 84 என்கிறார். பெரும்பான்மையை ஏற்பதுதானே நியாயம்?

தலைகளை எண்ணுவதற்கு முன், அவை தனித்தனித் தலைகளா என்று பார்க்க வேண்டும். ஹெர்மிப்பஸ் கி.மு. மூன்றாம் நூற்றாண்டு. காலவரிசை நூல் எழுதிய அப்பொலோடோரஸ் (மேலே சொன்ன ஆர்கோன் வேறு, இவர் வேறு) கி.மு. இரண்டாம் நூற்றாண்டு, அவர் தரும் பிறந்த காலமும் 81-க்கு ஒத்துவரும். செனெக்கா கி.பி. முதல் நூற்றாண்டு. பின்னால் வந்தவர் முன்னவரிடமிருந்தோ, இருவருக்கும் பொதுவான ஒரு மூலத்திலிருந்தோ எடுத்திருந்தால் மூன்று சாட்சிகள் ஒரே சாட்சியாகிவிடுகிறார்கள். இங்கே அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

அந்த 81 என்ற எண்ணிலும் ஒரு கவர்ச்சி இருக்கிறது. ஒன்பது ஒன்பது எண்பத்தொன்று. ஏதென்ஸில் அப்போதிருந்த மேகியர்கள் என்ற பாரசீகப் பூசாரிகள் இந்த முழுமையான எண்ணைக் கேட்டு, பிளேட்டோ மனிதரை மீறியவர் என்று கருதி அவருக்குப் பலியிட்டார்கள் என்று செனெக்காவே சொல்கிறார். பிறந்த நாளும் அவ்வாறே: தார்கேலியோன் 7 என்பது அப்பொல்லோ கடவுள் பிறந்ததாக டெலோஸ் தீவினர் கொண்டாடிய நாள். அதற்கு முந்தைய நாளான ஆறாம் நாள் ஆர்ட்டெமிஸ் தேவியின் பிறந்த நாள், அதைச் சாக்ரடீஸுக்குக் கொடுத்திருக்கிறார்கள். குருவும் சீடரும் இரட்டைத் தெய்வங்களின் நாட்களில் அடுத்தடுத்துப் பிறந்தார்கள் என்பது அழகாகத்தான் இருக்கிறது. அந்த அழகுதான் எனக்குச் சந்தேகத்தைத் தருகிறது.

நியாந்தெஸின் 84-இல் இப்படி எந்தப் பொருத்தமும் இல்லை. யாரையும் புகழ்வதற்கு அந்த எண் உதவாது. அதனால் அதுவே உண்மை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் "ஒற்றைக் குரல்" என்று தள்ளிவிடுவதும் சரியில்லை. 81-க்கு எதிராக நான் சொல்வது இவ்வளவுதான்: அது பலமுறை சொல்லப்பட்ட எண், பலரால் உறுதி செய்யப்பட்ட எண் அல்ல.

டயோஜெனிஸ் லேர்ட்டியஸைப் படித்தேன். அவர் ஒரே பத்தியில் தன்னையே மறுத்துக்கொள்வது போல இருக்கிறதே?

சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். அவர் கி.பி. மூன்றாம் நூற்றாண்டில், பிளேட்டோ இறந்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, பல பழைய நூல்களிலிருந்து துண்டு துண்டாக எடுத்துத் தொகுத்தவர். அவரை ஒரு சாட்சியாக எண்ணக் கூடாது. பல சாட்சியங்களைக் கட்டி வைத்திருக்கும் மூட்டையாக எண்ண வேண்டும். மூட்டையை அவிழ்த்து, எந்தச் செய்தி யாருடையது என்று பிரிப்பதுதான் நம் வேலை.

முதலில் அவர் அப்பொலோடோரஸை மேற்கோள் காட்டி 88ஆம் ஒலிம்பியாட்டில் பிறந்தார் என்கிறார். அது 428 கோடையிலிருந்து 424 கோடை வரை நான்கு ஆண்டுகள். அதில் எந்த ஆண்டு என்று அங்கே இல்லை. 81 வயது என்ற செய்தியைச் சேர்த்த பிறகுதான் "முதல் ஆண்டு" என்று நாம் முடிவு கட்டுகிறோம். பலருக்கு இது தெரியாது, 428/427 என்பது மூலத்திலேயே எழுதியிருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

சில வரிகள் தள்ளி இன்னொரு செய்தி வருகிறது. பிளேட்டோ சொற்பொழிவாளர் ஐசோக்ரட்டீஸைவிட ஆறு வயது இளையவர். ஐசோக்ரட்டீஸ் பிறந்தது லைசிமாக்கஸ் ஆண்டில், பிளேட்டோ பிறந்தது அமெய்னியாஸ் ஆண்டில், ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளிஸ் இறந்ததும் அந்த ஆண்டில்தான். இதைச் சோதித்துப் பாருங்கள். லைசிமாக்கஸ் ஆண்டு 436/435. ஆறு ஆண்டு தள்ளினால் 430/429. பெரிக்ளிஸ் இறந்தது 429 இலையுதிர் காலம், அது 429/428, அந்த ஆண்டின் ஆர்கோன் எபமெய்னோன். அமெய்னியாஸ் ஆர்கோனாக இருந்ததோ 423/422. ஒரே வாக்கியம் மூன்று ஆண்டுகளைக் காட்டுகிறது.

ஏடு பெயர்த்து எழுதியவரின் கையில் எபமெய்னோன் என்ற பெயர் அமெய்னியாஸ் ஆகிவிட்டது என்று கொள்வதே எளிய விளக்கம். இரண்டு பெயர்களும் ஒலியிலும் எழுத்திலும் நெருக்கமானவை, பெரிக்ளிஸின் மரணம் எபமெய்னோனைத்தான் காட்டுகிறது. ஆர்கோன் பெயர் எழுதும்போது எளிதில் சிதையும். பெரிக்ளிஸின் மரணம் போன்ற பெரிய நிகழ்ச்சி அப்படிச் சிதையாது. ஒரே வாக்கியத்துக்குள் மோதல் இருந்தால் நிகழ்ச்சியின் பக்கம் நிற்பது என் வழக்கம். ஆயினும் அதுவும் முழுப் பாதுகாப்பு அல்ல. பெரிய மனிதர் ஒருவர் மறைந்த ஆண்டில் இன்னொருவர் பிறந்தார் என்று இணைப்பது பழைய வரலாற்றாசிரியர்களுக்குப் பிடித்தமான வேலை.

424/423 என்ற புதிய தேதி எங்கிருந்து வந்தது? பழைய நூல் எதிலும் அது இல்லையே?

பழைய நூல்களில் அது நேராக இல்லை என்பது உண்மை. அமெரிக்க ஆய்வாளர் டெப்ரா நெய்ல்ஸ் அதை முன்வைத்தார். வயது சொல்லும் பிற்கால எழுத்தாளர்களை ஓரமாக வைத்துவிட்டு, பிளேட்டோவின் குடும்பத்தையும் அவர் காலத்து நிகழ்ச்சிகளையும் கொண்டு அவர் கணக்கிட்டார்.

பிளேட்டோவின் பெயரில் இருக்கும் ஏழாம் கடிதத்தில் ஓரிடம் உண்டு. "இளைஞனாக இருந்தபோது, எனக்கு நானே அதிகாரியானதும் அரசியலில் இறங்க நினைத்தேன்" என்ற பொருளில் எழுதிவிட்டு, அந்த நேரத்தில் ஏதென்ஸில் முப்பது பேர் அதிகாரத்தைக் கைப்பற்றிய முப்பதின்மர் ஆட்சி வந்ததைச் சொல்கிறார். அந்த ஆட்சி வந்தது 404-இல். 427-இல் பிறந்திருந்தால் அவருக்கு அப்போது 23. ஏதென்ஸில் 18 வயதில் குடிமகனாகப் பதிவு செய்வார்கள், எனவே 23 வயதுக்காரர் சட்டப்படி ஏற்கெனவே சில ஆண்டுகளாகத் தனக்குத் தானே அதிகாரி. 424/423-இல் பிறந்திருந்தால் 19 அல்லது 20, அது அந்த வாக்கியத்துக்கு இன்னும் இயல்பாகப் பொருந்தும். இதனுடன், அண்ணன்மார் அதெய்மன்டஸும் கிளாக்கனும் ஏதென்ஸுக்குப் பக்கத்து நகரமான மெகாராவில் போரிட்டதாகப் பிளேட்டோவின் குடியரசு உரையாடலில் வரும் குறிப்பை 409-இல் நடந்த போராகக் கொண்டால், அவர்களுக்குப் பின் பிறந்த பிளேட்டோ சில ஆண்டுகள் கீழே இறங்குகிறார்.

இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். மூன்று நூற்றாண்டு தள்ளி எழுதியவர் தரும் எண்ணைவிட, அந்தக் காலத்திலேயே எழுதப்பட்ட ஒரு சொல் கனமானது. ஆனால் இரண்டு இடங்களில் இது தளர்கிறது. ஏழாம் கடிதம் பிளேட்டோ எழுதியதுதானா என்பதே இன்னும் தீராத வழக்கு. மேலும் "இளைஞன்" என்ற சொல் 19-க்கும் பொருந்தும், 23-க்கும் பொருந்தும்.

எதிர்ப்பக்கம் ஹெர்மோடோரஸ் நிற்கிறார். அவர் பிளேட்டோவின் நேரடி மாணவர், ஆகவே மேலே சொன்ன எல்லோரையும்விட நெருங்கியவர். சாக்ரடீஸ் கொல்லப்பட்ட பிறகு பிளேட்டோ 28 வயதில் மெகாராவுக்குப் போனார் என்கிறார். சாக்ரடீஸின் மரணம் 399. 399-உடன் 28-ஐக் கூட்டினால் 427. பழைய தேதிக்கு இதைவிட நல்ல ஆதாரம் இல்லை. ஆனால் இதிலும் ஒரு இடைவெளி உண்டு. மெகாரா பயணம் மரணத்துக்கு உடனே பிறகு நடந்தது என்பது நாம் படித்துக்கொள்வது. ஹெர்மோடோரஸ் தருவது வயது, ஆண்டு அல்ல. பயணம் மூன்று நான்கு ஆண்டு தள்ளி நடந்திருந்தால் அதே 28 என்ற எண் 424-க்கும் ஒத்துவரும்.

சிசிலிப் பயணத்தின்போது அவருக்கு 40 வயது என்று அவரே சொல்கிறாராமே. பயணம் 388/387. அதைக் கொண்டு 428/427-ஐ உறுதி செய்யலாமா?

கூடாது. இந்தப் பொறியில் நல்ல வாசகர்களும் விழுகிறார்கள். ஏழாம் கடிதம் முதல் பயணத்தின்போது "ஏறக்குறைய நாற்பது" வயது என்கிறது. பயணத்துக்கு 388/387 என்று ஆண்டு குறிப்பவர்கள் பெரும்பாலும் 428/427-இலிருந்து நாற்பதைக் கழித்துத்தான் அந்த ஆண்டுக்கு வருகிறார்கள். அந்த ஆண்டை எடுத்துத் திரும்ப நாற்பதைக் கூட்டினால் 428/427 வராமல் வேறென்ன வரும்? பிறந்த ஆண்டை 424/423 என்று மாற்றினால் பயணமும் 384/383-க்குத் தானாக நகர்ந்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. சான்றாகக் காட்டப்படும் நிகழ்ச்சியின் ஆண்டு, அந்த மனிதரின் வயதைத் தொடாமல் வேறு வழியில் தெரிகிறதா என்று கேளுங்கள். சாக்ரடீஸின் மரணம் தெரிகிறது. பெரிக்ளிஸின் மரணம் தெரிகிறது. சிசிலிப் பயணம் அப்படித் தெரியவில்லை.

நாற்பது வயது என்பதே சந்தேகத்துக்குரியது என்று ஒருவர் சொன்னார். ஏன்?

பிளேட்டோவின் கடிதத்தில் அது "ஏறக்குறைய" என்று வருவதால் பெரிய தொல்லை இல்லை. தொல்லை அப்பொலோடோரஸின் முறையில் இருக்கிறது. ஒருவர் எப்போது பிறந்தார் என்று தெரியாதபோது, அவர் வாழ்வின் சிறந்த நிகழ்ச்சி ஒன்றை எடுத்து, அப்போது அவருக்கு நாற்பது என்று வைத்துக்கொள்வார். அந்த உச்ச வயதைக் கிரேக்கர்கள் அக்மே என்றார்கள். பிதாகரஸ், போலிக்ரட்டீஸின் ஆட்சியில் சாமோஸ் தீவை விட்டு 532/531 அளவில் கிளம்பியதாகக் கொண்டு அவர் பிறப்பை 570 ஒட்டி வைப்பதும் இந்த வழிதான்.

தேலீஸிடம் இது தெளிவாகத் தெரியும், கூடவே இன்னொரு பாடமும் கிடைக்கும். 585-இல் நிகழ்ந்த சூரிய கிரகணத்தை அவர் முன்கூட்டிச் சொன்னார் என்பது மரபு. அந்த ஆண்டில் நாற்பது நடப்பு என்றால் பிறப்பு 624. ஆனால் டயோஜெனிஸின் கையெழுத்துப் படிகளில் அப்பொலோடோரஸ் சொன்னதாக இருப்பது 35ஆம் ஒலிம்பியாட்டின் முதல் ஆண்டு, அதாவது 640. சில புத்தகங்களில் தேலீஸுக்கு 640 என்று காண்பது இதனால்தான். அப்பொலோடோரஸையே கொண்டு இதைச் சோதிக்கலாம். தேலீஸ் 78 வயதில் இறந்தார் என்பதும் அவர் கூற்றே, மரணம் 58ஆம் ஒலிம்பியாட், அது 548-க்கும் 544-க்கும் இடையில். 640-இல் பிறந்திருந்தால் இறக்கும்போது வயது 90-ஐத் தாண்டிவிடும். 624-இல் பிறந்திருந்தால் 78 கச்சிதமாக வருகிறது. 624 என்பது 39ஆம் ஒலிம்பியாட்டின் முதல் ஆண்டு. கிரேக்கர்கள் எண்களை எழுத்துகளால் எழுதினார்கள்: எப்சிலன் 5, தீட்டா 9. வட்ட வடிவில் எழுதும்போது இரண்டும் நடுவில் கோடு கொண்ட வளைவுகள். ஒன்று மற்றொன்றாகப் படிக்கப்பட்டது என்று ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் டீல்ஸ் காட்டினார்.

ஆக 640 ஏடெழுதியவரின் பிழை. 624 பிழையற்ற பாடம், ஆனால் அதுவும் அப்பொலோடோரஸின் ஊகம்தான். பாடம் சரியாகிவிட்டது என்பதால் செய்தி உண்மையாகிவிடாது.

சாக்ரடீஸுக்கு 470, 469 என்று ஓர் ஆண்டு வேறுபாடுதானே இருக்கிறது. அவருக்கு மட்டும் ஏன் இவ்வளவு நெருக்கம்?

அவருடைய விசாரணை ஊரறிய நடந்தது, ஆண்டு 399. அங்கே அவர் தன் வயது எழுபது என்று சொல்வதைப் பிளேட்டோ எழுதியிருக்கிறார். நிகழ்ச்சியும் உறுதி, வயதைச் சொன்னவரும் அந்தக் காலத்தவர். எஞ்சியிருப்பது எழுபது முடிந்ததா, நடப்பா என்பது மட்டுமே.

இணையத் தரவுத்தளம் ஒன்றில் பிளேட்டோவுக்கு -0427 என்று இருக்கிறது. அது 427-தானே?

அதை அப்படியே நம்ப வேண்டாம். வரலாற்றாசிரியர்களுக்குப் பூஜ்ய ஆண்டு கிடையாது, கி.மு. 1-க்கு அடுத்தது கி.பி. 1. வானியலாளர்களும் ISO 8601 தரமும் `0000` என்ற ஆண்டை வைத்திருக்கிறார்கள், அது கி.மு. 1. அந்த முறையில் `-0427` என்பது கி.மு. 428. எந்த முறையென்று சொல்லாத தரவுத்தளத்தில், இறப்பு ஆண்டையும் பாருங்கள். அங்கே `-0347` என்றும், அதே பக்கத்தின் விளக்கத்தில் கி.மு. 348 என்றும் இருந்தால் வானியல் முறை என்று தெரிந்துகொள்ளலாம்.

சரி, என் கட்டுரையில் என்ன எழுதட்டும்?

நான் எழுதுவதானால், "கி.மு. 427 ஒட்டிப் பிறந்தவர், 348/347-இல் இறந்தார்" என்று எழுதுவேன். பிறப்புக்கு "ஒட்டி" போடுவேன், இறப்புக்குப் போடமாட்டேன். இரண்டின் உறுதியும் ஒன்றல்ல என்பதை அந்த ஒரு சொல் காட்டிவிடும். கட்டுரையில் பிளேட்டோவின் வயது எதற்காவது தேவைப்பட்டால், உதாரணமாக முப்பதின்மர் ஆட்சியில் அவர் என்ன செய்தார் என்று பேசினால், 424/423 என்ற மாற்றுக் கணக்கையும் கட்டாயம் சொல்ல வேண்டும். அங்கே அந்த மூன்று நான்கு ஆண்டுகள் ஒரு பதின்ம வயதினரையும் வளர்ந்த ஓர் ஆளையும் பிரிக்கின்றன.

428/427 என்று எழுதினால் அதற்குப் பக்கத்தில் 81 என்ற வயதைத் தனிச் சான்றாகச் சேர்க்காதீர்கள். அந்த ஆண்டு அந்த வயதிலிருந்துதான் பிறந்தது.